ஒன்பதாம் தேதி பார்த்த படம்

மும்பை ஃபோர்ட் பக்கம் வக்கீல் நீலிமா தாம்லேயைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் எழுதிய மனுவில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. அவள் எழுந்து பேசினால் இரண்டாவது வரிசைக்குமேல் கேட்காது. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். வசுதா பர்வே என்ற பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மேல்வயிற்றில் ஒரு காந்தல் கிளம்பும். வசுதாவுக்கு நரிமன் பாயிண்டில் பத்தொன்பதாவது மாடியில் கண்ணாடி அறை என்று கேள்விப்பட்ட அன்று இரண்டு டம்ளர் மோர் குடித்தும் அடங்கவில்லை.

இருவரும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்ச். இரண்டாம் வருஷம் மாதிரி வழக்காடும் போட்டியில் வாதம் முழுவதையும் எழுதியவள் நீலிமா, பேசியவள் வசுதா. கோப்பை வந்தது. வசுதாவின் அப்பா அதைத் தாதரில் தன் வீட்டு ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். ரயில்வே குமாஸ்தாவின் மகளான நீலிமா ஒருமுறை அங்கே போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிடப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தாள். கோப்பையில் பொறித்திருந்தது ஒரே பெயர். அன்று பிடித்த எரிச்சல்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வசுதாவே போன் செய்தாள். "நீலு, எங்க டீமுக்கு வந்துடுடீ. டிராஃப்டிங் மொத்தமும் நீ பாத்துக்க, கோர்ட்டெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல சம்பளம்தான். ஆனால் நீலிமாவின் காதில் அது, நீ எழுது, கோப்பை எனக்கு என்றுதான் விழுந்தது. போனை வைத்த கையோடு இன்ஸ்டாகிராமில் வசுதாவைப் பின்தொடர்வதையும் நிறுத்தினாள். ஆனால் வசுதாவின் பக்கம் ஊருக்கே திறந்த பக்கம், யாரும் பார்க்கலாம். டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ரயிலில் லேடீஸ் பெட்டியில் மற்ற பெண்கள் பீன்ஸ் நறுக்குவார்கள், பஜனை பாடுவார்கள். நீலிமா வசுதாவைப் பார்ப்பாள்.

நடுநடுவே விரதமும் எடுப்பாள். இனிமேல் அவள் பக்கமே போவதில்லை என்று. நவராத்திரி விரதம் ஒன்பது நாள். இவளுடையது மூன்று நாள் தாண்டியதில்லை.

இந்த ஜூன் மாதம் எடுத்த விரதத்துக்கு மட்டும் சரியான காரணம் இருந்தது. முதல்முறையாக ஒரு வழக்கில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

வழக்கு ரத்னகிரி இந்துமதி மயேகருடையது. துறைமுகத்தை ஒட்டி ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் விதவை. விடிந்தால் அறுபது படகுக்கு அவள்தான் ஐஸ் கொடுக்க வேண்டும். ஃபேக்டரியை விரிவுபடுத்த வருணா கோல்டு ஸ்டோரேஜ் என்ற பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாள். நாலு வருஷம் கழித்து, நீ ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், ஃபேக்டரியை எங்களிடம் ஒப்படை என்று கம்பெனி நின்றது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மூன்று நடுவர்கள் தீர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மயேகர் தரப்பில் ஒரு வயதான பொறியாளர். கம்பெனி தரப்பில் ஓய்வுபெற்ற நீதிபதி வினாயக் பெண்ட்சே. இந்த இருவரும் சேர்ந்து தலைமை நடுவராகத் தேர்ந்தெடுத்தது ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ரோஷன் தாராபூர்வாலாவை. மயேகரின் வக்கீல் நீலிமா, கம்பெனியின் வக்கீல் வசுதா பர்வே.

நடுவராக உட்கார ஒப்புக்கொள்கிறவர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்: இரு தரப்போடும் எனக்கு முன்னே, இப்போது என்ன தொடர்பு, என் நடுநிலைமேல் யாருக்காவது சந்தேகம் வர இடமிருக்கிறதா என்று. ஜூன் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, மூன்று படிவமும் வந்தன. பெண்ட்சே அந்த இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நீலிமா கோப்பில் வைத்தாள். வழக்கு முடியும்வரை வசுதா பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற விரதத்தையும் அன்று சாயங்காலமே எடுத்தாள்.

ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ரயிலில் விரதம் உடைந்தது.

வெள்ளிக்கிழமையே வசுதா ஒரு படம் போட்டிருந்தாள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதக்கணக்கில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட இரு தரப்பு வக்கீல்களும், கடைசி அமர்வு முடிந்ததும் நடுவர்களை நடுவில் உட்கார வைத்து, கல்யாணக் கும்பல் மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு படம். ஓரத்தில் வசுதா, மயில்கழுத்து நிற மகேஷ்வரிப் புடவையில். பார்டரில் இருப்பது அசல் ஜரிகையா என்று பார்க்க நீலிமா படத்தைப் பெரிதாக்கினாள். அந்த நேரம் பார்த்து ரயில் தாணேயில் ஒரு குலுங்கு குலுங்கியது. விரல் இரண்டு தடவை பட்டு, படத்தின் நடுவில் வெள்ளை இதயம் ஒன்று துள்ளி மறைந்தது.

லைக் போட்டுவிட்டாள்.

கொதிக்கும் தோசைக்கல்லைத் தொட்டவள் மாதிரி அதைத் திரும்ப எடுத்தாள். ஒரு நொடி இருக்குமா? வசுதா பார்த்திருக்க மாட்டாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தபோதுதான் புடவைக்குப் பின்னால் மேஜை தெரிந்தது. மேஜைமேல் கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'சாகர்தீப்' என்று ஒட்டியிருந்தது. நடுவர்கள் நாற்காலியில் இடது பக்கம் சிரித்துக்கொண்டிருந்தவர் வினாயக் பெண்ட்சே.

சாகர்தீப் வருணா கோல்டின் குட்டிக் கம்பெனி. மயேகரின் ஒப்பந்தத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இந்த ஊரில் படித்தவள் அநேகமாக நீலிமா ஒருத்திதான். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பதினாலு மாதத்துக்கு முன்னால் வசுதா இதே மாதிரி ஒரு படம் போட்டாள். அதில் அரக்குக் கலர் புடவை, முத்துத் தோடு, அதே பெண்ட்சே, அதே சாகர்தீப் கோப்பு. தன் கல்யாண நாளை மறந்தாலும் மறப்பாள், வசுதாவின் படம் எதையும் நீலிமா மறந்ததில்லை.

மூன்று வருஷத்துக்குள் ஒரே தரப்போ அதன் கிளைக் கம்பெனியோ ஒருவரை இரண்டு தடவையோ அதற்குமேலோ நடுவராக நியமித்திருந்தால், அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆட்சேபிக்கிறவருக்கும் ஒரு கெடு உண்டு. விஷயம் தெரிந்த பதினைந்து நாளுக்குள், காரணங்களை எழுதி நடுவர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நீலிமாவுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்தும் அவள் எழுதவில்லை.

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அந்தப் பயம். புடவையைப் பார்க்கப் போனவள் புடவைக்குப் பின்னால் குற்றம் கண்டுபிடித்தால் அதை யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. வசுதாமேல் இருக்கிற வயிற்றெரிச்சலை ஒரு கிழவர்மேல் கொட்டப் பார்க்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று.

இருபத்து மூன்றாம் தேதி இந்துமதி மயேகர் வந்தாள். நீலிமாவின் ஆபீஸ் மூன்றாவது மாடியில் அரை அறை. லிஃப்ட் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். படியேறி மூச்சு வாங்க வந்தவள் ஒரு பாட்டில் கோகம் சர்பத்தையும், எத்தனை காகிதம் சுற்றினாலும் மணக்கிற ஒரு பொட்டலம் காய்ந்த இறாலையும் மேஜைமேல் வைத்தாள்.

"வக்கீலம்மா, நம்ம பெஞ்சுல பெண்ட்சேன்னு ஒருத்தரு இருக்காராமே?"

"ஆமா. கம்பெனி சார்பா."

"என் தங்கச்சி புருஷன் போன வருஷம் சாகர்தீப்கூட படகு விஷயமா கட்டிப் பொரண்டாரே, அதுலயும் இவருதான். சாகர்தீப்தான் இவரைப் போட்டாங்களாம். நேத்து சாப்பிடறப்ப பேச்சு வந்துச்சு. கேட்டதும் எனக்குக் கவளம் எறங்கலை." இந்துமதி குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாற்காலில ஒண்ணு ஏற்கெனவே அவங்க வீட்டு நாற்காலின்னா, நான் எங்கம்மா போய் நிப்பேன்? ஃபேக்டரி போச்சுன்னா அறுபது படகும் அவன் வெச்ச வெலைக்குத்தான் ஐஸ் வாங்கணும்."

நீலிமா கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியானால் தன் கண் மஞ்சள் இல்லை. பதினாலு நாளைத்தான் வீணடித்திருக்கிறாள்.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கதம் காகா தலையை நிமிர்த்தினார். நாற்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தா. ஃபோர்ட்டில் அத்தனை பேருக்கும் அவர் காகா, சித்தப்பாதான். "உடனே ஆட்சேபம் போட்டுடலாம் மேடம். அம்மாவுக்கு நேத்துத் தெரிஞ்சுது. நேத்திலேர்ந்து பதினஞ்சு நாள், ஜூலை ஏழு. அவசரமே இல்ல."

"எனக்கு முன்னாடியே தெரியும் காகா."

"எப்ப?"

"ஒம்பதாம் தேதி. ஒரு போட்டோல பார்த்தேன்."

"போட்டோவா? எந்த போட்டோ?"

நீலிமா இறால் பொட்டலத்தை ஜன்னலோரம் நகர்த்தினாள். காகாவும் கிளறவில்லை. நாட்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "ஒம்பதுன்னா நாளைக்கு முடியுது." கொஞ்சம் யோசித்து, "அதெல்லாம் எதுக்கு மேடம்? அம்மாவுக்கு நேத்துதான் தெரியும். அது சத்தியம்தானே? அப்படியே போட்டுடுங்க. போட்டோ கீட்டோ எல்லாம் வேணாம்" என்றார்.

"எனக்கு நேத்திக்கு முன்னாடி சத்தியமா தெரியாதும்மா," என்று இந்துமதியும் ஒத்து ஊதினாள்.

ஆசையாகத்தான் இருந்தது. கட்சிக்காரியின் வாயால் வந்த செய்தி, நாகரிகமான காரணம், கையில் இரண்டு வாரம். வசுதாவின் பெயரே வர வேண்டாம். ஆனால் வக்கீலுக்குத் தெரிந்தது கட்சிக்காரிக்குத் தெரிந்த மாதிரிதான். இதற்குமுன் தெரியாதா என்று மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி வந்தால் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய் உடைந்தால் ஆட்சேபமும் சேர்ந்து உடையும், ஃபேக்டரியும் போகும். உண்மையை எழுதினாலோ, எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று எழுத வேண்டும். அதை வசுதா படிப்பாள்.

அதை நினைத்ததும் மேல்வயிறு காந்தியது. ஃபேக்டரியை இழப்பது இந்துமதி. மானத்தை இழப்பது தான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்த தன் புத்தியை நினைத்து நீலிமாவுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு எழுதி முடித்தாள். எட்டே பக்கம். 'நீதிபதி பெண்ட்சே பாரபட்சம் காட்டினார் என்று நாங்கள் சொல்லவில்லை. நியாயமான சந்தேகம் எழ இடமிருக்கிறது என்கிறோம். சாகர்தீப் அவரை எத்தனை முறை நியமித்தது என்பதை அவரே வெளிப்படுத்தக் கோருகிறோம். அந்தக் கடமை படிவத்தோடு முடிவதில்லை, வழக்கு முடியும்வரை உண்டு.' ஆறாவது பத்தியில் விரல் நின்றது. ஒருமுறை எழுதி அழித்தாள். கடைசியில், 'இந்தப் படத்தை ஒன்பதாம் தேதி காலை, சொந்தக் காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானே கவனித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வக்கீலே சாட்சி மாதிரி எழுதிக் கொடுப்பது அழகில்லை என்று காகா முணுமுணுத்தார். ஆனாலும் மூன்று நடுவர்களுக்கும் வசுதாவின் ஆபீஸுக்கும் மின்னஞ்சல் போன கையோடு, கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நேரிலும் போய், நாலு இடத்திலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வந்தார். ஐந்து ஐம்பதுக்குக் கடைசி முத்திரை.

பத்து நாளில் வசுதாவின் பதில் வந்தது. நீலிமா அதை நின்றபடியே படித்தாள். துறைமுகக் குளிர்கிடங்கு வழக்குகளில் விஷயம் தெரிந்த நடுவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள், ஒருவரையே திரும்பத் திரும்பப் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம் என்றது முதல் வாதம். இரண்டாவது வாதம் கத்தி. அந்தப் படம் ஆறாம் தேதி மாலையிலிருந்தே பொதுவில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஆறாம் தேதியே பார்த்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எண்ணினால் கெடு இருபத்தொன்று. இருபத்து நான்கில் வந்த ஆட்சேபம் காலங்கடந்தது, தள்ளுபடி செய்ய வேண்டும்.

நீலிமா பொத்தென்று உட்கார்ந்தாள். ஒன்பதாம் தேதிதான் பார்த்தாள் என்பதற்கு அவளிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? மூன்று நாள் விரதம் இருந்தேன் என்றா சொல்வது? ஒரே ஒரு அத்தாட்சி இருந்தது. அதையும் ஒரு நொடியில் தன் விரலாலேயே அழித்துவிட்டாள்.

ஜூலை பத்தாம் தேதி அமர்வு. சாயங்காலம் ஐந்தரை மணி; பகலில் எல்லோருக்கும் கோர்ட் இருப்பதால் இந்த ஊரில் நடுவர் மன்றங்கள் கோர்ட் கலைந்த பிறகுதான் கூடும். பல்லார்ட் எஸ்டேட்டில் வாடகை அறை, நீளமேஜை, தட்டில் சட்னி சாண்ட்விச். வசுதா இரண்டு ஜூனியர்களோடு வந்தாள். கிட்டத்தில் பார்த்துப் பதினோரு வருஷம். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், அதுவும் அவளுக்குப் பொருந்தியிருந்தது. நீலிமா சாண்ட்விச்சைத் தொடவில்லை.

தலைமை நடுவர் தாராபூர்வாலா சுற்றி வளைக்கிறவர் இல்லை. "மிஸ் தாம்லே, ஆறாவது பத்தி. 'சொந்தக் காரணத்துக்காக'ன்னு எழுதியிருக்கீங்க. எதிர்த்தரப்பு, நீங்க இத ஆறாம் தேதியே பார்த்துட்டு வேணும்னே உக்காந்திருந்தீங்கங்கிறாங்க. தேதிலதான் எல்லாம் இருக்கு. அதனால கேக்கறேன். அது என்ன சொந்தக் காரணம்?"

நீலிமா எழுந்தாள். அந்த அறையில் இரண்டாவது வரிசையே இல்லை. எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

"பொறாமை, மேடம்."

பென்சில் உருட்டிக்கொண்டிருந்த பொறியாளர் உருட்டுவதை நிறுத்தினார்.

"வசுதா பர்வே என்கூடப் படிச்சவங்க. அவங்க போடற ஒவ்வொரு படத்தையும் பார்ப்பேன், வருஷக்கணக்கா. இந்த வழக்கு வந்ததும் பார்க்கக்கூடாதுன்னு அஞ்சாம் தேதி முடிவெடுத்தேன். ஒம்பதாம் தேதி காலைல மனசு கேக்கலை, பார்த்தேன். முதல்ல புடவையைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் பின்னாடி இருந்த கோப்பு கண்ணுல பட்டுது. அதுக்கப்புறம் பதினாலு நாள் எழுதாம இருந்ததும் அதனாலதான். சந்தேகம் நிஜமா, இல்ல என் வயித்தெரிச்சலான்னு எனக்கே புரியலை. என் கட்சிக்காரி வந்து சொன்ன பிறகுதான் புரிஞ்சுது. ஒம்பதுங்கறதுக்கு என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல."

உட்கார்ந்தாள். வசுதாவை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தாராபூர்வாலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "மிஸ் பர்வே. அவங்க அதுக்கு முன்னாடியே பார்த்தாங்கன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா? அவங்க எப்ப பார்த்தாங்கங்கறதுக்கு எந்தப் பதிவாவது?"

பக்கத்தில் இருந்த ஜூனியர், "இல்லை மேடம், நாங்க அனுமானத்துலதான்…" என்று ஆரம்பித்தான். வசுதா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

எதிரில் விரிந்திருந்த காகிதங்களை மூடி ஓரமாக நகர்த்தினாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, எழுந்து போய் தாராபூர்வாலாவின் முன்னால் வைத்தாள்.

"முன்னாடி பார்த்தாங்கன்னு காட்ட எதுவும் இல்ல மேடம். என்கிட்ட இருக்கறது இதுதான். ஜூன் ஒம்பது, காலைல எட்டு நாப்பத்தொண்ணு. 'நீலிமா தாம்லே உங்கள் படத்தை விரும்பினார்'னு போன்ல வந்த அறிவிப்பு. அப்பவே திரையைப் படம் எடுத்து வெச்சேன். அடுத்த நிமிஷம் போய்ப் பார்த்தா லைக் இல்ல." அவள் குரல் எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. "எங்க பதில்ல அந்த ரெண்டாவது வாதம் இருந்தது. அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

ஜூனியர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம்தான். நடுவர்கள் குறைச்சல், வழக்கம் என்ற முதல் வாதத்தைப் பற்றி, அந்த வழக்கத்துக்கு ஆதாரம் எங்கே என்று தாராபூர்வாலா கேட்டார், வசுதாவிடம் இல்லை. அதுவரை வாய் திறக்காத பெண்ட்சே தொண்டையைக் கனைத்தார். "படிவம் நிரப்பறப்ப வருணாங்கற பேரைத்தான் என் டைரில தேடினேன். சாகர்தீப் அவங்க குட்டிங்கறது எனக்குத் தெரியாது, தேடவும் இல்ல. ரெண்டு வழக்குலயும் சாகர்தீப்தான் என்னை நியமிச்சுது. சொல்லியிருக்கணும்." கிழவரின் காது சிவந்திருந்தது. நீலிமாவுக்குப் பாவமாக இருந்தது.

மூன்று பேரும் கூடி ஆட்சேபத்தின்மேல் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் காலையிலேயே பெண்ட்சேயின் கடிதம் வந்தது. சொன்ன காரணங்களை ஏற்றுக்கொண்டதாக இதற்குப் பொருள் இல்லை என்று சட்டப்படி ஒரு வரி, விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வரி. கம்பெனி அவர் இடத்துக்கு வேறொருவரை நியமிக்க வேண்டும். வழக்கு இனிமேல்தான் ஆரம்பம். ஆனால் மூன்று நாற்காலியும் இப்போது வெறும் நாற்காலிகள். போனில் கேட்ட இந்துமதி, அடுத்த தடவை சுறாக் கருவாடு கொண்டுவருவதாகப் பயமுறுத்தினாள்.

ஆனால் அதெல்லாம் மறுநாள். அன்று சாயங்காலம் அமர்வு கலைந்ததும் நீலிமா கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் வசுதா தனியாக நின்றிருந்தாள். மழை விடக் காத்திருக்கிற சாக்கு.

"நல்லா எழுதியிருந்த நீலு. ஒரு வார்த்தை அதிகமில்ல."

"நீ எதுக்கு அதக் காமிச்ச? ஒன் கட்சிக்காரன் ஒன்னைச் சும்மா விடுவானா?"

"விடமாட்டான். கத்துவான். கேள்வி கேட்டாங்க, கையில பதில் இருந்துச்சு. இல்லேன்னு எப்படிடீ சொல்றது?" வசுதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்தப் பதிலை எழுதினது பசங்க. நான் ஓரக்கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்து போட்டேன். அந்த வாதத்தை நான் அனுப்பியிருக்கவே கூடாது."

"லைக்கை எதுக்கு எடுத்து வெச்ச?"

வசுதா சிரித்தாள். ஷோகேஸ் வீட்டில் போஹா பரிமாறியபோது சிரித்த அதே சிரிப்பு. "பதினோரு வருஷம் கழிச்சு ஒன்கிட்டேர்ந்து வந்த ஒரே கடுதாசி அதுதானே. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுடீ. அன்னிக்கே ஒனக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீலாச்சேன்னு வெச்சுட்டேன்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ புடவையைப் பார்த்தேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அது அசல் ஜரிகை இல்ல" என்றாள்.

கார் வந்தது. டோம்பிவிலி வரைக்கும் கொண்டுபோய் விடவா என்று கேட்டாள். நீலிமா வேண்டாமென்று தலையசைத்தாள்.

ஏழு நாற்பது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எதிரே ஒருத்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த மாதிரிதான், சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் மேல்வயிற்றில் அந்தக் காந்தல் இருந்தது, முன்னைவிட அதிகமாக. கண்ணாடி அறையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ அவள் நினைக்கவில்லை. அந்தப் போன் மட்டும் தன் கையில் இருந்து, வசுதா ஆதாரமில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்து, தாராபூர்வாலா தன்னைப் பார்த்துக் கேட்டிருந்தால், எழுந்து போய் அதைக் கொடுத்திருப்போமா என்று தன்னையே கேட்டாள்.

தாணே தாண்டும்வரை பதில் சொல்லாமல் இழுத்தடித்தாள். மும்ப்ரா வந்தது. கொடுத்திருக்க மாட்டாள்.